வயதைக் கூட்டியது நானல்ல

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அம்மா அவர்களுக்கு,

பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கான பிரிட்ஜ் கோர்ஸில் சேர நான் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று குறிப்புகள்: வயது முரண்படுகிறது, பணி அனுபவத்துக்குச் சான்று இல்லை, கணக்கில் அடிப்படை போதாது. அதே படிவத்தை மறுபடி நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். பள்ளியை விட்டு நின்ற காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் ஒற்றை வரிதான் இடம் இருக்கிறது. போன தடவை 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணும் அதைத்தான் எழுதினாள், பின்னால் நின்றவளும் அதைத்தான் எழுதினாள். உங்கள் அலுவலகத்துக்கும் அது வசதியாக இருந்திருக்கும். இந்த முறை தனித்தாளில் எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் சூடாக விழலாம். பொறுக்க முடியாவிட்டாலும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

நான் பிறந்தது 1994. முதுகுளத்தூர் பக்கத்து வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருடங்களில் எங்கள் ஊரில் மிச்சம் இருப்பது சீமைக்கருவேலமும் கரிமூட்டமும்தான். 2008இல் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஊருக்கு ஒரு ஏஜெண்ட் வந்தார். மூன்று வருடம் மில்லில் வேலை, தங்குமிடம் சாப்பாடு அங்கேயே, முடித்து வரும்போது கையில் மொத்தமாக முப்பதாயிரம், அது பெண்ணின் கல்யாணத்துக்கு. சுமங்கலித் திட்டம் என்று ஊரே பேசியது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வட்டிக்கு மேல் வட்டி ஏறி நின்ற வீடு எங்களுடையது. அப்பா தலையாட்டினார். நான் அழுதேன், அம்மாவும் அழுதாள். ஆனால் மறுநாள் பள்ளிக்குப் போய் என் டி.சி.யைக் கேட்டவர் யாருமில்லை. ஏஜெண்ட் அவசரப்பட்டார். எத்தனை பெண்களை ஏற்றிவிடுகிறாரோ அத்தனைக்கும் அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம்.

இப்போது வயதுக் கதைக்கு வருகிறேன். பதினான்கு வயது முடிந்த பிள்ளையை ஒரு ஆலையில் நாளுக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இரவில் கூடவே கூடாது என்று அன்றைக்கு நடப்பில் இருந்த 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. சங்கத்து அக்கா ஒருவர் பல வருடம் கழித்துச் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். மில்காரர்களுக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் வேன் நேரே மில்லுக்குப் போகாமல் வழியில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் நின்றது. வாயைத் திறக்கச் சொன்னார், பல்லைப் பார்த்தார், எங்கள் அத்தனை பேருக்கும் 'பதினெட்டு முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேடசந்தூர் பக்கத்து மில்லில் எனக்குக் கொடுத்த அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1990. கேட்டதற்கு சூப்பர்வைசர் சிரித்தார்: "ஏம்மா, கூட்டித்தானே போட்டிருக்கோம், குறைக்கலியே."

அந்த நான்கு வருடம் அன்றைக்கு என் மேல் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. அடுத்த மில்லில் சேர்ந்தபோது கையில் இருந்த ஒரே அட்டை அதுதான். அதைப் பார்த்து பி.எஃப். கணக்கில் 1990 என்று போட்டார்கள். ஹாஸ்டலுக்கே முகாம் வந்து ஆதார் எடுத்தபோதும் அதே அட்டை, அதே 1990. பள்ளிப் பதிவேட்டில் மட்டும் நான் 1994இல் பிறந்தவள். இதைத்தான் நீங்கள் சிவப்பு மையில் முரண்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். முரண்பாடுதான் அம்மா. ஆனால் அது என் வாயிலிருந்து வந்த பொய் இல்லை. என்னைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பதற்காக இன்னொருவர் எழுதிய பொய். அவர் இன்றைக்கும் எங்கோ கிளினிக் நடத்திக்கொண்டிருப்பார். அவரிடம் யாரும் சான்று கேட்கவில்லை, என்னிடம் கேட்கிறீர்கள்.

சரி, ஆதாரைத் திருத்திக்கொண்டு வா என்றார் உங்கள் உதவியாளர். போனேன். பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கொடு, இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கொடு என்றார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கத்தானே உங்களிடம் வந்தேன்? நீங்கள் ஆதாரைத் திருத்தினால் பத்தாம் வகுப்பு என்கிறீர்கள், அவர்கள் பத்தாம் வகுப்பு இருந்தால் ஆதார் என்கிறார்கள். நடுவில் நான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழோ, நான் வீட்டில் பிறந்தவள், யாரும் பதியவில்லை. இத்தனை வருடம் கழித்துப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கும் மனு கொடுத்து வைத்திருக்கிறேன். எப்போது வரும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. படித்த பள்ளிக்கே போனேன். நான் படித்தபோது இருந்தவர்கள் யாரும் இல்லை. இப்போதிருக்கும் தலைமையாசிரியர் அலமாரிக்கு மேலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்தார். எட்டாம் வகுப்பில் தேர்ச்சி. ஒன்பதாம் வகுப்பில் 'நீண்ட நாள் வருகை இன்மையால் பெயர் நீக்கம்'. பிறந்த வருடம் 1994 என்று தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்து டி.சி. எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். இத்தனை அலைச்சலில் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தது அவர் ஒருவர்தான். அந்த டி.சி.யின் நகல்தான் முதல் இணைப்பு.

சங்கத்து அக்கா இன்னொன்றும் சொன்னார். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதை முடிவு செய்ய ஆதாரில் உள்ள பிறந்த தேதியை எடுத்துக்கொள்ள முடியாது, பள்ளிச் சான்றிதழில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆதார் கொடுக்கும் ஆணையமே 2023 டிசம்பரில், ஆதார் பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று சுற்றறிக்கை விட்டது. இறந்துபோன ஒருவரின் இழப்பீட்டுக்கு இந்த நியாயம் கிடைக்கிறது. உயிரோடு படிக்க வந்தவளுக்கு ஏன் கிடைக்காது?

இரண்டாவது குறிப்பு, அனுபவச் சான்று. அந்த மில்லில் மூன்று வருடமும் என் பெயர் பயிற்சியாளர் பட்டியலில்தான் இருந்தது. ரிங் ஃபிரேமில் சைடு பார்த்தேன். ஒரு மெஷினுக்கு ஆயிரம் ஸ்பிண்டில் அளவுக்கு இருக்கும். நடந்துகொண்டே இருக்க வேண்டும், எங்கே இழை அறுகிறதோ அங்கே நின்று ஒட்ட வேண்டும், பாபின் தீர்ந்தால் மாற்ற வேண்டும், டாஃப் எடுக்கும் நேரத்தில் கூடை தள்ள வேண்டும். அரை நைட், முழு நைட் எல்லாம் பார்த்தேன். ஆறே மாதத்தில் புதிதாக வரும் பெண்களுக்கு இழை ஒட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். கற்றுக்கொடுத்தவளும் பயிற்சியாளர், கற்றுக்கொண்டவளும் பயிற்சியாளர். நிலையாணைப்படி பயிற்சியாளர் என்று காட்டிவிட்டதால் அன்றைய பி.எஃப். சட்டத்தில் நாங்கள் தொழிலாளிகளே ஆகவில்லை. எனவே பி.எஃப். எண் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள், அந்த நோட்டும் அவர்களிடம்தான் இருக்கும்.

அந்த முப்பதாயிரம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடம் முடியச் சில மாதம் இருக்கும்போது டைபாய்டு வந்தது. ஊருக்கு அனுப்பினார்கள். கொடுத்த லீவுக்குள் எழுந்து நடக்க முடியவில்லை. திரும்பிப் போனபோது 'இடையில் நின்றவர்களுக்கு மொத்தத் தொகை கிடையாது, அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது' என்றார்கள். எந்த ஒப்பந்தம், நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று காட்டச் சொன்னேன். கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பள்ளியும் இடையில் நின்றதாக எழுதியிருக்கிறது, மில்லும் இடையில் நின்றதாக எழுதியிருக்கிறது. இரண்டிலும் நானாக நிற்கவில்லை.

இப்போது அந்த மில்லுக்குப் போய் அனுபவச் சான்று வாங்கி வா என்கிறீர்கள். போனேன். மில்லின் பெயரே மாறிவிட்டது, புது முதலாளிக்குப் பழைய ஆட்களைப் பற்றி எதுவும் தெரியாதாம். ஒருவேளை அவர்கள் மனம் இரங்கிச் சான்று கொடுத்தாலும் அதில் என் வயது என்னவென்று இருக்கும் என்று யோசித்தீர்களா? 1990 என்றிருக்கும். அதைக் கொடுத்தால் வயது முரண்படுகிறது என்று முதல் குறிப்பை மறுபடி எழுதுவீர்கள். கொடுக்காவிட்டால் அனுபவத்துக்குச் சான்று இல்லை என்று இரண்டாவது குறிப்பு. எந்த வருடங்களுக்குக் காகிதமே இருக்கக் கூடாது என்று திட்டம் போட்டு வேலை வாங்கினார்களோ, அந்த வருடங்களுக்குக் காகிதம் கேட்கிறீர்கள். அடுத்த மில்லில் பி.எஃப். பிடித்தார்கள். அந்தக் கணக்கின் பாஸ்புக் அச்சு இரண்டாவது இணைப்பு. அதில் 1990 என்றிருப்பதற்குக் காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது குறிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. நேர்காணலில் அந்தத் தம்பி, கல்லூரி முடித்துத் தொண்டு செய்ய வந்தவர், நல்ல பிள்ளை, "எதிர்மாறல்னா என்னங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வர்க்கமூலம்?" மறந்துபோச்சு என்றேன். அவ்வளவுதான். அடிப்படை போதாது, முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு அனுப்பலாம் என்று எழுதிவிட்டார். எனக்கு எழுத்துத் தெரியாதா? நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

இன்று நான் வேலை பார்ப்பது ஒரு நூற்பாலையின் தரச் சோதனை அறையில். பதவி உதவியாள். வேலை என்ன என்பதைக் கேளுங்கள். நூலின் நயத்தைக் கவுண்ட் என்று சொல்வோம். 840 கெஜ நீள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு இப்படி நாற்பது சிட்டம் தேறினால் அது நாற்பதாம் நம்பர் நூல். நம்பர் கூடினால் நூல் மெலிசு. ஆனால் சோதனைக்கு ஒரு பவுண்டு நூலை யாரும் அளக்க முடியாது. ராப் ரீலில் 120 கெஜம் சுற்றி எடுப்போம். அது சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. ஒரு பவுண்டு 453.6 கிராம், அதை ஏழால் வகுத்தால் 64.8. அந்த 64.8ஐ நான் எடுத்த நூலின் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 1.62 கிராம் இருந்தால் 40. எடை கூடினால் கவுண்ட் குறையும், எடை குறைந்தால் கவுண்ட் கூடும். அந்தத் தம்பி கேட்டது இதைத்தான் என்று வீட்டுக்கு வந்து எட்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு ஷிப்டில் எத்தனை தடவை இந்த வகுத்தலைப் போடுகிறேன் தெரியுமா? மெஷின் கணக்கிட்டுக் காட்டும், ஆனால் மெஷின் காட்டியது சரியா என்று பார்க்க நாங்கள் தாளில் போடுவோம்.

ஒரு நாள் நாற்பது ஓட வேண்டிய மெஷினில் எடுத்த நூல் 1.80 கிராம் நின்றது. வகுத்தால் 36. பருமனான நூல், அதே நீளத்துக்கு நூற்றுக்குப் பதினொரு பங்கு பஞ்சு கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். டிப்ளமோ முடித்து வந்திருந்த சூப்பர்வைசர், மெஷினில் பல்சக்கரம் மாற்றியதில் தப்பு, நிறுத்திக் கழற்றலாம் என்றார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அதே மெஷினில் வேறு வேறு ஸ்பிண்டில்களிலிருந்து மறுபடி காப் எடுத்துச் சுற்றினேன். சிலது 1.62, சிலது 1.80. பல்சக்கரம் தப்பென்றால் எல்லா ஸ்பிண்டிலும் ஒரே மாதிரி தப்ப வேண்டும். இங்கே சிலதுதான் தப்புகிறது. அப்படியானால் தப்பு மெஷினில் இல்லை, மேலே தொங்கும் சிம்ப்ளெக்ஸ் பாபினில். போய்ப் பார்த்தால், பக்கத்து மெஷினில் 36 ஓட்டுவதற்காக வைத்திருந்த 0.9 ஹேங்க் பாபின்கள், 1.0 ஹேங்க் பாபின்களோடு கலந்து தொங்குகின்றன. மெஷின் இழுப்பது நாற்பது மடங்கு. ஒன்றை நாற்பதால் பெருக்கினால் 40. 0.9ஐ நாற்பதால் பெருக்கினால் 36. கலந்த பாபினை மட்டும் இறக்கினோம். மெஷின் நிற்கவில்லை. சூப்பர்வைசருக்கு அன்று மேனேஜர் கை கொடுத்தார். நான் ரீலைத் துடைத்து வைத்தேன்.

வர்க்கமூலமும் அப்படித்தான். முறுக்கு எத்தனை வேண்டும் என்பதற்குக் கவுண்டின் வர்க்கமூலத்தை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் 4 என்றால் 36ஆம் நம்பருக்கு ஆறு நாலு இருபத்துநாலு, ஒரு அங்குலத்துக்கு 24 முறுக்கு. சுவரில் ஒட்டிய அட்டவணையில் இதை வருடக்கணக்காகப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு வர்க்கமூலம் என்று பள்ளியில் பெயர் என்பது ஒன்பதாம் வகுப்பில் விட்டுப்போனது. விட்டுப்போனதைக் கற்றுத்தரத்தானே இந்தப் பாலம் கட்டியிருக்கிறீர்கள்? பாலத்தில் ஏற வருகிறவளிடம் அக்கரையில் நின்றுகொண்டு கேள்வி கேட்டால் எப்படி?

உங்கள் அலுவலகத்திலேயே இன்னொருவர் எனக்கு ஒரு புத்திமதி சொன்னார். பத்தாவதெல்லாம் எதற்கு, பதினெட்டு முடிந்தவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆறு மாத ஆயத்தப் படிப்பு இருக்கிறது, அதை முடித்து நேரே டிகிரியில் சேர்ந்துவிடு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வழியில் போனவள் ஒருத்தி எங்கள் ஹாஸ்டலிலேயே இருந்தாள். கண்விழித்துப் படித்து டிகிரி வாங்கினாள். தமிழ்நாடு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்தபோது, பத்தாவது, பன்னிரண்டாவது தேறிய பிறகு வாங்கிய டிகிரிதான் செல்லும் என்று எழுப்பிவிட்டார்கள். 2009 ஆகஸ்டில் பணியாளர் துறை போட்ட அரசாணை 107 அப்படித்தான் சொல்கிறது. அவளுக்கு அதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை. எனக்கு டிகிரி இப்போது வேண்டாம். பத்தாவது வேண்டும். பாலிடெக்னிக்கில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க அதுதான் கேட்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த பையன்கள் அந்த டிப்ளமோவோடு வந்து எனக்குச் சூப்பர்வைசராக நிற்கிறார்கள். அவர்கள் மேல் கோபமில்லை. அந்தத் தாள் மேல்தான்.

எனக்கு என்ன வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் மறைத்தாள் என்று ஒரு குறிப்பு வேண்டாம். இங்கிலீஷ் வாசிப்பேன், எழுதினால் தடுமாறுவேன். இயற்கணிதம் எழுத்துகளில் வந்தால் நின்றுவிடுகிறேன், எண்ணில் வந்தால் ஓடுகிறேன். அறிவியல் அடியோடு போய்விட்டது. நான் படித்த புத்தகம் சமச்சீர் கல்விக்கு முந்தியது. அதற்குப் பிறகு ஒரு முறை புத்தகம் மாறி, 2018க்குப் பிறகு இன்னொரு முறையும் மாறியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அறிவியல் புத்தகம் எனக்குப் புதுப் பாடம்தான். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அந்தச் செய்முறைக்குத் தனித்தேர்வர்களும் ஒரு பள்ளியில் பெயர் பதிந்து, வகுப்புக்கு நேரில் போயாக வேண்டும். எனக்கு உங்கள் கோர்ஸ் முக்கியமாகத் தேவைப்படுவது இங்கேதான். இழை ஒட்டியே தேய்ந்த விரல்கள்தான் என்றாலும் பிப்பெட்டைப் பிடிக்க ஒரு வாரம் பழகினால் போதும். சொல்லித்தர ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

நேரத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். மேனேஜரிடம் பேசிப் பகல் ஷிப்டு மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் இரவுப் படி போய்விடும். வீட்டுக்காரரிடம் அந்தக் கணக்கையும் சொல்லிவிட்டேன். "போகட்டும், நீ படி" என்றார், ஆனால் முகம் தெளியவில்லை. ஷிப்டு நாலு மணிக்கு விடும். நாலரைக்கு உங்கள் வகுப்பில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் வரலாம்.

நான் கேட்பது சலுகை இல்லை. வயதுக்குத் தலைமையாசிரியர் கொடுத்த டி.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவத்துக்குச் சான்று கேட்பதை விட்டுவிட்டு அனுபவத்தையே சோதியுங்கள். கணக்குத் தேர்வு ஒன்று வையுங்கள், நாள் நீங்களே சொல்லுங்கள், கேள்வித்தாளை அந்தத் தம்பியே எடுக்கட்டும். அதில் 35க்குக் கீழே வாங்கினால் எழுத்தறிவு வகுப்புக்கே போகிறேன். சேர்க்க முடியாது என்று முடிவு செய்தால் காரணத்தை ஓரத்தில் மூன்று வார்த்தையாக எழுதாமல், எந்த விதிப்படி என்று தனிக் கடிதமாக எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தாருங்கள். மேலே முறையிட எனக்கு அது தேவைப்படும். பதினான்கு வயதில் நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே தெரியாமல் இருந்தேன். இப்போது எல்லாக் காகிதத்துக்கும் நகல் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்

இணைப்பு: டி.சி. நகல், பி.எஃப். பாஸ்புக் அச்சு, கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு.